வினைமுற்றுக்கு முன் கத்தரி வேண்டாம்: தெரு நேர்காணலும் மைசூரு தேவராஜ சந்தையும்

தெரு நேர்காணல் காணொளியில் விடைகள் சுருக்கமாகவும் கூர்மையாகவும் இருக்க வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்தச் சுருக்கம் எங்கே பிறக்க வேண்டும் என்பதில்தான் சிக்கல். அது பிறக்கக்கூடிய இடங்கள் இரண்டு. ஒன்று, களத்துக்குப் போவதற்கு முன் எழுதப்படும் கேள்வித்தாள். மற்றொன்று, களத்திலிருந்து திரும்பிய பின் திறக்கப்படும் தொகுப்பு மென்பொருள். ஊடகவியல் மாணவரும் சமூகவியல் மாணவரும் பெரும்பாலும் இரண்டாவது இடத்தையே நம்புகின்றனர். பொதுவாக எதையாவது கேட்டு, இரண்டு நிமிடம் பேசவிட்டு, அதிலிருந்து ஐந்து நொடியை வெட்டி எடுப்பது வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் தவறு என்பதற்கு ஆய்வு நெறி சார்ந்த காரணம் உண்டு. அதைக் காட்டிலும் அடிப்படையான காரணம் இலக்கணம் சார்ந்தது. தமிழிலும் கன்னடத்திலும் பேசப்படும் ஒரு வாக்கியத்தை ஆங்கில வாக்கியத்தைப் போல வெட்ட முடியாது.

இதைப் பொதுவாகச் சொல்வதைவிட ஒரு களத்தை வைத்துப் பேசுவது பயனுள்ளது. மைசூரில் அதற்குத் தேவராஜ சந்தையை விடப் பொருத்தமான களம் இல்லை. சயாஜி ராவ் சாலையை ஒட்டிய அந்தப் பழைய சந்தையில் மல்லிகையும் வெற்றிலையும் வாழைப்பழமும் குங்குமக் குவியலும் ஒரே கூரைத் தொடரின் கீழ் விற்கப்படுகின்றன. 2012 ஆகஸ்டில் நகரின் மற்றொரு பழைய வணிகக் கட்டடமான லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து நால்வர் உயிரிழந்தனர். 2016 ஆகஸ்டில் தேவராஜ சந்தையின் வடக்கு வாயிற்பகுதி சரிந்தது. அதன்பின், சந்தையை முழுவதும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா, பழுதுபார்த்துக் காப்பதா என்ற வாதம் நகரெங்கும் எழுந்து உயர் நீதிமன்றம் வரை சென்றது. கையில் கைப்பேசியும் மைக்கும் வைத்திருக்கும் எந்த மாணவருக்கும் முதலில் தோன்றும் கேள்வி ஒன்றுதான்: இடிக்கலாமா, வேண்டாமா?

அந்தக் கேள்விக்குச் சந்தையில் வரக்கூடிய விடைகளை வாக்கிய அமைப்பின் அளவில் எண்ணிப் பார்க்கலாம். ஒருவர், 'கெடவபேக்கு அந்த நானு ஹேள்த்தா இல்ல' என்கிறார் என்று கொள்வோம். இடிக்க வேண்டும் என்று தாம் சொல்லவில்லை என்பது பொருள். இதில் 'கெடவபேக்கு' என்ற முதற்சொல் மட்டும் தனித்து நின்றால் 'இடிக்க வேண்டும்' என்றே பொருள்படும். மறுப்பு முழுவதும் கடைசிச் சொல்லில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இதையே சொல்பவர் மறுப்பை வாக்கியத்தின் தலையிலேயே வைத்துவிடுவார். வால் அறுந்தாலும் அவர் எந்தப் பக்கம் என்பது மாறாது. கன்னடத்திலும் தமிழிலும் வால் அறுந்தால் பக்கமே மாறிவிடும்.

இன்னொரு வகை இதைவிட நுட்பமானது. 'கெடவ்த்தாரெ' என்றால் இடிப்பார்கள். 'கெடவ்த்தாரந்தெ' என்றால் இடிப்பார்களாம். முன்னது பேசுபவரின் உறுதி. பின்னது அவர் காதில் விழுந்த செய்தி. தமிழில் 'ஆம்' என்ற ஈறு செய்யும் வேலையைக் கன்னடத்தில் 'அந்தெ' செய்கிறது. சந்தைக்கூச்சலில் அந்த ஈற்றசை தெளிவாகக் கேட்காது. தொகுப்பவர் அரை நொடி முன்னதாகவே கத்தரித்துவிடுவார். விளைவாக, வதந்தியைச் சொன்னவர் தீர்ப்புச் சொன்னவராகத் திரையில் தோன்றுவார். அடியில் போடும் தமிழ் வரியில் அந்த 'ஆம்' விடுபட்டாலும் இதே கேடுதான்.

அப்படியானால் வாலைக் காத்துத் தலையை வெட்டலாம் அல்லவா என்று கேட்கத் தோன்றும். 'என்ன சொல்றதுங்க' போன்ற தொடக்கங்களைத் தாராளமாக நீக்கலாம். ஆனால் நிபந்தனை தலையில் இருக்கிறது. 'சோரதெ இத்தரெ ஈ கட்டடவே சாக்கு' என்பவர், கூரை ஒழுகாமல் இருந்தால் இந்தக் கட்டடமே போதும் என்கிறார். முதல் இரு சொற்களை நீக்கினால், 'இந்தக் கட்டடமே போதும்' என்று எந்த நிபந்தனையும் இன்றிப் பழமையைக் காக்க முன்வந்தவராக அவர் மாறிவிடுவார். நிபந்தனை முன்னே வருகிறது. மறுப்பும் கேள்விச்செய்தியும் பின்னே வருகின்றன. ஆகவே நம் மொழிகளில் வெட்டக்கூடிய மிகச் சிறிய அலகு சொல்லோ தொடரோ அன்று. தொடக்கத்து எச்சம் முதல் இறுதி வினைமுற்று வரையுள்ள முழு வாக்கியமே. இதை ஒப்புக்கொண்டால், விடையைச் சுருக்கும் பொறுப்பு தொகுப்பவரிடமிருந்து கேள்வி எழுதுபவரிடம் வந்து சேர்கிறது. ஆறு நொடி விடை வேண்டுமானால், ஆறு நொடியில் ஒரு வாக்கியமாக முடியக்கூடிய கேள்வியை எழுத வேண்டும்.

'இடிக்கலாமா, வேண்டாமா?' அத்தகைய கேள்வி அன்று. பார்க்கச் சிறிதாக இருந்தாலும் அது கேட்பது பெரிது. கட்டடத்தின் உறுதி, மரபின் மதிப்பு, வாடகை, மாற்றிடம், நீதிமன்றம் ஆகிய ஐந்தையும் எடைபோட்டு ஒரு சொல்லில் சொல்லும்படி தெருவில் நிற்பவரை அது வற்புறுத்துகிறது. நேர்மையாகப் பேசுபவர் நீளமாகத்தான் பேசுவார். சுருக்கமாகச் சொல்பவர் கேட்டுப் பழகிய முழக்கத்தைத் திருப்பிச் சொல்வார். மேலும், இதே கேள்வியை 'காக்கலாமா?' என்று திருப்பிக் கேட்டால் விடைகளின் பங்கு மாறிவிடலாம். 1941இல் டொனால்டு ரக் வெளியிட்ட அமெரிக்கச் சோதனை இதற்குப் பெயர்பெற்ற சான்று. மக்களாட்சிக்கு எதிரான பொதுப்பேச்சுகளை அமெரிக்கா அனுமதிக்க வேண்டுமா என்று கேட்டபோது 62 விழுக்காட்டினர் கூடாது என்றனர். அவற்றைத் தடை செய்ய வேண்டுமா என்று ஒத்த மற்றொரு குழுவினரிடம் கேட்டபோது 46 விழுக்காட்டினரே ஆம் என்றனர். அனுமதி மறுப்பதும் தடை செய்வதும் நடைமுறையில் ஒன்றே. ஒரு வினைச்சொல் மாறியதில் 16 புள்ளிகள் இடம்பெயர்ந்தன. முறையாக நடத்தப்பட்ட கருத்துக்கணிப்பிலேயே இந்நிலை என்றால், சந்தை வாயிலில் நின்று பன்னிரண்டு பேரிடம் கேட்பவர் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நல்ல தெருக்கேள்விக்கு ஒரே அளவுகோல் போதும்: விடை சொல்பவர் தம் சொந்த வாழ்விலிருந்து, யோசிக்காமல், உறுதியாக அறிந்திருப்பதைக் கேட்பது. தேவராஜ சந்தைக்கு மூன்று கேள்விகள் போதும். முதலாவது: 'இங்கே கடைசியாக என்ன வாங்கினீர்கள், அல்லது விற்றீர்கள்?' இதற்கு யாரும் தயங்குவதில்லை. மைக்குக்கு முன் குரலும் பழகிவிடும். இரண்டாவது: 'இந்தச் சந்தைக்குள் நீங்கள் நிற்கத் தயங்கும் இடம் உண்டா? இருந்தால் எது?' மூன்றாவது: 'சந்தை இரண்டு ஆண்டு வேறிடத்தில் நடந்தால் உங்கள் நாளில் எது மாறும்?' இம்மூன்றில் எதுவும் இடிப்பு என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. ஆயினும் இரண்டாவது கேள்வி கட்டடத்தின் பாதுகாப்பையும் மூன்றாவது கேள்வி இடமாற்றத்தின் விலையையும் தொடுகின்றன. வாதத்தின் உட்பொருள் அங்கேதான் இருக்கிறது.

கேள்விகளின் சொற்களையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். 'எந்த இடத்தைக் கண்டால் அச்சமாக இருக்கிறது?' என்று கேட்டால், அச்சம் இருப்பதாக முன்பே முடிவு செய்துவிட்டதாகும். 'உண்டா?' என்ற சொல்தான் 'இல்லை' என்ற விடைக்குக் கதவைத் திறந்து வைக்கிறது. அவ்வாறே 'எதை இழப்பீர்கள்?' என்பது இழப்பை ஊகிக்கிறது, 'எது மாறும்?' என்பது ஆதாயத்துக்கும் இடம் தருகிறது. புதிய இடத்தில் கழிப்பறை இருக்கும் என்று மகிழும் வியாபாரியும் இருக்கலாம். அவருக்கு இடமில்லாத கேள்வி, ஆய்வாளரின் கருத்தையே பிறர் வாயால் சொல்லவைக்கும் கேள்வியாகிவிடும். கன்னடத்தில் கேட்பதற்கும் தமிழில் கேட்பதற்கும் தனித்தனியாக எழுதி, இரண்டையும் அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. களத்தில் நினைவிலிருந்து கேட்கும் கேள்வி, நான்காவது ஆளிடம் போகும்போது வேறு கேள்வியாகியிருக்கும்.

இனித் தொகுப்புத் திட்டம். அது படம் பிடித்த பிறகு எழுதுவது அன்று. கேள்வித்தாளின் மறுபக்கத்தில் அன்றே எழுத வேண்டியது. கணக்கு எளியது. காணொளி 90 நொடி என்று வைத்துக்கொள்ளலாம். இடமும் நாளும் காட்டும் தொடக்கத்துக்கு 6 நொடி, மூன்று கேள்விகளை எழுத்தில் காட்ட 9 நொடி, முடிவு அட்டைக்கு 6 நொடி போனால், எஞ்சுவது 69 நொடி. ஒரு விடைக்கு ஏறத்தாழ 6 நொடி என்றால் 11 விடைகள். இயல்பான வேகத்தில் 6 நொடிக்குள் பத்துப் பன்னிரண்டு சொற்கள் அடங்கும். ஒரு முழு வாக்கியத்துக்கு அது போதுமான இடமே.

அந்த 11 இடங்களை யாருக்குக் கொடுப்பது என்பதையும் முன்பே முடிவு செய்ய வேண்டும். கடைக்காரர், சுமை தூக்குபவர், நாள்தோறும் வாங்க வருபவர், ஊருக்குப் புதியவர் என நான்கு வகையினர். முதல் இரண்டு கேள்விகளுக்கு வகைக்கு ஒருவராக நான்கு நான்கு விடைகள். மூன்றாவது கேள்வி ஊருக்குப் புதியவருக்குப் பொருந்தாது. ஆகவே மூன்று விடைகள். ஒவ்வொரு வகையிலும் மூவரிடம் பேசினால் மொத்தம் பன்னிரண்டு பேர். ஓர் இடத்துக்கு மூன்று விடைகள் கையில் இருக்கும். அவற்றுள் எதை எடுப்பது? இந்த இடத்தில்தான் பெரும்பாலான காணொளிகள் தடம் மாறுகின்றன. மூன்றில் மிக வேடிக்கையானதை எடுப்பது வழக்கம். திட்டத்தில் எழுதிவைக்க வேண்டிய விதி வேறு: ஒலி தெளிவாக இருக்க வேண்டும், வாக்கியம் முடிந்திருக்க வேண்டும், மூவரில் இருவர் ஒன்றையே சொன்னால் அந்த இருவருள் ஒருவரை எடுக்க வேண்டும். 'தெரியாது' என்பது இருவரின் விடையானால், அந்த இடத்தில் 'தெரியாது' என்பதே வர வேண்டும். ஒரு சுமை தூக்குபவர் 'எங்களை யாரும் கேட்கலைங்களே' என்று சொல்லி நகர்ந்தால், அதுவும் ஒரு முழு வாக்கியம்; முழு விடை.

விடையை அதற்குரிய கேள்வியின் கீழ் மட்டுமே வைப்பது அடுத்த விதி. மூன்றாம் கேள்விக்கு வந்த 'எல்லாம் போயிடும்' என்ற விடையை இரண்டாம் கேள்வியின் கீழ் ஒட்டினால், இடமாற்றத்தைப் பற்றிப் பேசியவர் கட்டடச் சரிவைப் பற்றிப் பேசியவராகிவிடுவார். இதைப் பார்வையாளர் கண்டுபிடிக்கவே முடியாது. அதனால்தான் கேள்வி, கேட்ட சொற்களிலேயே திரையில் இருக்க வேண்டும். ஒரு விடையின் நடுவே வெட்டுவது தவிர்க்க முடியாததாகிவிட்டால், படம் துள்ளுவது தெரியட்டும். பூக்குவியலின் காட்சியை மேலே போட்டு அந்தத் துள்ளலை மறைக்கும் பழக்கம், வெட்டு நடந்ததையே பார்வையாளரிடமிருந்து ஒளிக்கிறது. பிறர் தொகுத்ததைப் பார்க்கும்போதும் இதே அறிகுறி உதவும்: பேசுபவரின் முகம் வாக்கியத்தின் நடுவே மறைந்து பழக்கடை தோன்றினால், அங்கே ஏதோ அறுபட்டிருக்கலாம் என்று ஐயுறலாம்.

வினைமுற்றைக் காப்பதற்குக் களத்திலும் இரண்டு பழக்கங்கள் தேவை. மைக்கை வாயிலிருந்து ஒரு சாணுக்குள் பிடிப்பது ஒன்று. கேட்பவர் வாய்மூடி இருப்பது மற்றொன்று. திராவிட மொழிகளில் வாக்கியத்தின் முடிவு தாழ்ந்த குரலில் வந்து விழுகிறது. அதே கணத்தில் கேட்பவர் 'ஆமாம்', 'சரி' என்றால் 'இல்ல' என்ற சொல் அந்த ஒலிக்கு அடியில் புதைந்துவிடும். விடை முடிந்ததும் மனத்துக்குள் இரண்டு எண்ணி, பிறகு அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். அந்த இரண்டு நொடி மௌனத்தில்தான் பலர் 'ஆனா' என்று தொடங்கித் தம் உண்மையான கருத்தைச் சொல்கிறார்கள். வேலை முடிந்தபின் அதே இடத்தில் ஒரு நிமிடம் சந்தையின் ஒலியை மட்டும் தனியே பதிந்துகொண்டால், விடைகளுக்கிடையே உள்ள இணைப்புகளில் விலை கூவும் குரல் அறுந்து ஒலிக்காமல் நிரப்பலாம்.

இதுவரை சொன்னவை விடையின் நேர்மை பற்றியவை. விடை சொன்னவரின் நிலை வேறு. 2021 ஜனவரியில் சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் எடுக்கப்பட்ட ஒரு நேர்காணல் காணொளியை முன்னிட்டு, அதில் பேசிய பெண் அளித்த புகாரின்பேரில் யூடியூப் சேனல் ஒன்றைச் சேர்ந்த மூவர் கைது செய்யப்பட்டனர். அன்றைய செய்திகள் ஆபாசத்தைப் பற்றியே பேசின. ஆய்வு மாணவர்கள் கவனிக்க வேண்டியது, ஒப்புதல் என்பது கேமராவுக்கு முன் தலையசைப்பதோடு முடிவதில்லை என்பதை. ஒருவர் பேச ஒப்புக்கொள்வது ஒன்று. தொகுக்கப்பட்ட தம் ஆறு நொடி எங்கே, எந்தத் தலைப்பின் கீழ், யாருடைய பின்னூட்டங்களுக்கு நடுவே நிற்கும் என்பதை ஒப்புக்கொள்வது வேறொன்று. தேவராஜ சந்தைக் கடைக்காரருக்கு இது இன்னும் கூர்மையானது. அவருடைய வாடகையும் மாற்றிடமும் எந்த அலுவலகத்தின் கையில் இருக்கிறதோ, அந்த அலுவலகமும் காணொளியைப் பார்க்கும்.

இதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முன்மாதிரி உண்டு. மானிடவியலாளர் ழான் ரூஷும் சமூகவியலாளர் எட்கார் மொரேனும் 1960 கோடையில் பாரிஸில் படம்பிடித்து 1961இல் வெளியிட்ட 'ஒரு கோடையின் வரலாறு' என்ற ஆவணப்படத்தில், இரு பெண்கள் மைக்குடன் தெருவில் நின்று வருவோர் போவோரிடம் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர்: 'நீங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா?' தெருவில் பலர் ஒதுங்கிச் செல்கின்றனர். சிலர் ஒரு வரியில் முடித்துக்கொள்கின்றனர். நீண்ட விடைகள், உட்கார்ந்து பேசும் காட்சிகளில்தான் வருகின்றன. பெரிய கேள்வியைத் தெரு தாங்காது என்பதை அப்படமே காட்டிவிட்டது. அதைவிட முக்கியமானது இறுதிப்பகுதி. எடுத்த காட்சிகளைப் பங்கேற்றவர்களுக்கே திரையிட்டுக் காட்டி, அவர்கள் சொன்ன மறுப்பையும் சினத்தையும் படத்திலேயே சேர்த்தனர். அதற்கு அன்று திரையரங்கு தேவைப்பட்டது. இன்று கைப்பேசி போதும். விடை முடிந்ததும் அதைப் பேசியவருக்கே போட்டுக் காட்டி, 'இதைப் போடலாமா?' என்று கேட்பதற்கு ஒரு நிமிடம் ஆகும். வேண்டாம் என்பவரின் பதிவை அவர் கண் முன்னரே அழிக்க வேண்டும். பன்னிரண்டு பேரில் இருவர் அப்படிச் சொன்னால், மேலும் இருவரைத் தேடிச் செல்வதே முறை.

இவ்வளவு விதிகளோடு எடுத்தால் காணொளி சப்பென்று போய்விடும் என்பது எதிர்பார்க்கக்கூடிய எதிர்வாதம். அதில் ஓரளவு உண்மை உண்டு. 'இடிங்க சார், எல்லாத்தையும் இடிங்க!' என்ற கூவலுக்குக் கிடைக்கும் பகிர்வு, 'மழை வந்தா அந்தத் தூணுகிட்ட மட்டும் கூடையை வைக்க மாட்டேன்' என்ற விடைக்குக் கிடைக்காமல் போகலாம். ஆனால் இரண்டில் கூர்மையானது எது? கூவலை மைசூரில் அன்றி எந்த ஊரில் எந்தக் கட்டடத்துக்கு முன்னும் பதிவு செய்திருக்கலாம். தூணைப் பற்றிய விடையை அந்தச் சந்தையில், அந்தக் கூடைக்காரரிடம் மட்டுமே பெற முடியும். கூர்மை என்பது ஓசையில் இல்லை. விடையில் ஒரு பொருளும் ஓர் இடமும் இருப்பதில் இருக்கிறது. அதை வரவழைப்பது கேள்விதான்.

மறுபக்கத்திலிருந்தும் ஓர் எதிர்வாதம் வரும்: பன்னிரண்டு பேரைக் கொண்டு எடுத்தது ஆய்வே ஆகாது, பிறகு எதற்கு இத்தனை ஒழுங்கு என்று. அது கருத்துக்கணிப்பு ஆகாது என்பது சரியே. காலை பத்து மணிக்குச் சந்தையில் இல்லாதவர், நின்று பேச நேரமில்லாதவர், கேமராவுக்கு அஞ்சுபவர் ஆகியோர் எல்லாரும் அதற்கு வெளியே இருக்கிறார்கள். ஆகவே 'மைசூரு மக்கள் என்ன சொல்கிறார்கள்?' என்று தலைப்பிட அதற்கு உரிமை இல்லை. 'தேவராஜ சந்தையில் ஒரு காலை' என்பதே அதன் எல்லை. முடிவு அட்டையின் 6 நொடி இதற்காகத்தான்: எத்தனை பேரை அணுகினார்கள், எத்தனை பேர் பேசினார்கள், எத்தனை பேர் மறுத்தார்கள், எந்த நாள், எந்த நேரம். இந்த ஐந்தும் எழுதப்பட்டால், பார்ப்பவர் தாமே அதன் எடையை அளந்துகொள்வார்.

எண்ணிக்கையைச் சொல்ல முடியாத இந்த வடிவம், ஒரு வழக்கை மக்கள் எந்தச் சொற்களில் நினைக்கிறார்கள் என்பதைச் சொல்ல முடியும். நிபந்தனை எங்கே வருகிறது, மறுப்பு எப்படி வருகிறது, எது தாம் கண்டது, எது பிறர் சொல்லக் கேட்டது என்ற வேறுபாடுகள் எல்லாம் அந்தச் சொற்களில்தான் இருக்கின்றன. வாக்கியத்தின் இரு முனைகளையும் அறுத்துவிட்டு நடுவை மட்டும் காட்டும் காணொளி, தான் தரக்கூடிய அந்த ஒரே அறிவையும் எறிந்துவிடுகிறது. மைசூரில் மொழியியலும் சமூகவியலும் ஊடகவியலும் மானசகங்கோத்ரி வளாகத்தில் அருகருகே கற்பிக்கப்படுகின்றன. தெரு நேர்காணலுக்கான பயிற்சியில் கேமராவைக் கையாளக் கற்றுக்கொடுக்கும் முதல் வகுப்புக்கு முன்னால், வினைமுற்று எங்கே முடிகிறது என்று காதால் கேட்டுக் குறிக்கும் ஒரு மணி நேரத்தை அங்கே சேர்ப்பது கடினமான செயல் அன்று.